எதிர்க்கடையில் 20 சதவீதம்: நாம் எதுவரை இறங்கலாம்?

கடலூர், சிதம்பரம் மருந்துக்கடை உரிமையாளர்களுக்கு,

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் நடந்தாலும், சிதம்பரத்தின் நான்கு வீதிகளையும் சுற்றி வந்தாலும் இன்று கண்ணில் படுவது ஒரே பலகைதான்: ‘அனைத்து மருந்துகளுக்கும் 20% வரை தள்ளுபடி’. கிளைகள் பல வைத்திருக்கும் நிறுவனக் கடைகள் அதை மாட்டுகின்றன. கைபேசிச் செயலியில் மருந்து விற்பவர்கள் அதற்கும் மேலே போகிறார்கள். உங்களில் சிலருக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். “நாமும் அந்தப் பலகையை மாட்டிடலாமா?” என்று உங்களில் ஒருவராவது கேட்காத மாதம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சில மருந்துகளுக்கு, சில வாடிக்கையாளர்களுக்கு விலையைக் குறைக்கலாம். சில கடைகளில் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் எல்லா மருந்துக்கும் எல்லாருக்கும் 20 சதவீதம் என்று தனிக்கடைக்காரர் பலகை மாட்டினால், அது அவர் தன் கடையை மூடத் தேதி குறிப்பது போலத்தான். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

மருந்துக்கடைக்கு ஒரு விசேஷம் உண்டு. மளிகையிலோ ஜவுளியிலோ கடைக்காரருக்கு எவ்வளவு நிற்கும் என்பதை அவரவர் சாமர்த்தியம் முடிவு செய்யும். நம் தொழிலில் அதில் பெரும்பகுதியை அரசாணையும் வழக்கமும் முடிவு செய்துவிட்டன. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வரும் மருந்துக்கு உச்ச விலை நிர்ணயிக்கும்போது, சில்லறைக் கடைக்காரர் வாங்கும் விலையின் மேல் 16 சதவீதம் சேர்க்கிறார்கள். 100 ரூபாய்க்கு வாங்கியதை 116க்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடியை நாம் கழிப்பது வாங்கிய 100லிருந்து அல்ல, விற்கும் 116லிருந்து. அந்த 116ல் 16 என்பது 13.8 சதவீதம்தான். பட்டியலில் வராத மருந்துகளுக்கு விற்பனை விலையில் 20 சதவீதம் சில்லறைக் கடைக்கு, 10 சதவீதம் ஸ்டாக்கிஸ்டுக்கு என்பது நெடுநாள் வழக்கம். ஜி.எஸ்.டி. நம் கையில் நிற்கிற பணம் அல்ல என்பதால் இந்தக் கணக்கு முழுவதிலும் அதை ஒதுக்கி வைக்கிறேன்.

ஆக, சர்க்கரைக்கான வெறும் மெட்ஃபார்மின், பிரஷருக்கான வெறும் அம்லோடிபின் போன்ற பட்டியல் மருந்தில் 14 சதவீதம் கழித்தாலே கைக்காசு போகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தில் 20 கழித்தால் வாங்கின விலைக்கே விற்கிறோம். எதுவரை இறங்கலாம் என்பதற்கு அடக்கவிலை என்ற முதல் கோடு இங்கேதான் விழுகிறது. ஸ்டாக்கிஸ்ட் பில்லையும் அட்டையில் அச்சிட்ட விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மருந்து எந்த வகை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி ஒரு கடையின் மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் கடையின் புத்தகமும் அல்ல; நம் ஊர்களில் நடுத்தரமாக ஓடும் ஒரு கடைக்கு நான் போட்ட மாதிரிக் கணக்கு. நாளைக்கு 12,000 ரூபாய் வியாபாரம், மாதத்துக்கு 3,60,000. அதில் 40 சதவீதம் பட்டியல் மருந்து, 60 சதவீதம் மற்றவை. முதல் வகையில் சுமார் 19,900, இரண்டாவதில் 43,200; சேர்த்தால் மொத்த லாபம் ஏறக்குறைய 63,000 ரூபாய். வாடகை 8,000, பார்மசிஸ்ட் சம்பளம் 14,000, உதவிப் பையனுக்கு 8,000, கரண்ட், ஃபிரிட்ஜ், பில் மென்பொருள், கேரி பேக் எல்லாம் சேர்த்து 3,000. செலவு 33,000. உரிமையாளர் வீட்டுக்கு எடுத்துப் போவது 30,000. எக்ஸ்பைரி ஆகித் திரும்பப் போகாத சரக்கின் நஷ்டமும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

இந்தக் கடை எல்லா மருந்துக்கும் 5 சதவீதம் கழித்தால் 18,000 ரூபாய் போகும். வீட்டுக்கு 12,000 மிஞ்சும். பழைய 30,000ஐ மறுபடி எடுக்க வேண்டுமென்றால் வியாபாரம் 40 சதவீதம் கூட வேண்டும். 10 சதவீதம் கழித்தால் 36,000 போகும். மாதக் கடைசியில் 6,000 ரூபாய் கைக்காசு போட வேண்டும். பழைய நிலைக்கு வர வியாபாரம் இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆக வேண்டும். அவ்வளவு சரக்கு வைக்க முதல் எங்கே? அதை எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள் எங்கே? 20 சதவீதத்துக்குக் கணக்குப் போடவே வேண்டாம். விற்கிற ஒவ்வொரு பில்லிலும் நஷ்டம் என்றால், விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும்.

பிறகு நிறுவனக் கடைக்காரர்களும் செயலிக்காரர்களும் மட்டும் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் எதனோடு போட்டி போடலாம், எதனோடு கூடாது என்பது புரியும்.

முதலாவது, வாங்கும் வலு. பல கிளைகளுக்கும் சேர்த்து நிறுவனத்திடமே நேரடியாக வாங்கும்போது ஸ்டாக்கிஸ்டின் பங்கும் அவர்களுக்கே வருகிறது. நாம் 80க்கு வாங்குவதை அவர்கள் 72க்கோ 70க்கோ வாங்கினால், அவர்களுடைய அடக்கவிலையே வேறு. இதில் ஓரளவு நம்மாலும் ஈடுகட்ட முடியும். ஸ்டாக்கிஸ்ட் ‘பத்துக்கு ஒன்று’ ஸ்கீம் தரும்போது 10 அட்டைக்குப் பணம் கட்டி 11 வாங்குகிறோம். 80 ரூபாய் அட்டை 72.70க்கு இறங்குகிறது. ஆனால் எக்ஸ்பைரி தேதியைப் பார்க்காமல் ஸ்கீமுக்காக வாங்கிக் குவித்தால், கிடைத்த 7 ரூபாயும் ஒரு மூலையில் காலாவதியாகிக் கிடக்கும். மாதாமாதம் கட்டாயம் போகும் மருந்துக்கு மட்டுமே ஸ்கீம் எடுங்கள்.

இரண்டாவது, அச்சிட்ட விலையே பெரிதாக இருக்கும் சரக்கு. நிறுவனப் பெயர் அதிகம் தெரியாத, அதே மருந்து அடங்கிய அட்டைகள் சில, அச்சிட்ட விலையில் கால் பங்குக்கே கடைக்கு வந்து சேரும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 100 என்று அச்சிட்டதை 25க்கு வாங்கி, 20 சதவீதம் கழித்து 80க்குக் கொடுத்தாலும் கடைக்கு 55 நிற்கிறது. வாங்குகிறவர் தமக்கு 20 லாபம் என்று நினைத்துப் போகிறார். அச்சிட்ட விலைக்குள் எவ்வளவு காற்று அடைத்திருக்கலாம் என்பதற்குப் பெரிய சான்று 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. புற்றுநோய் மருந்துகளில் 42க்கு வர்த்தக லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியதும், சில மருந்துகளின் விலை 80 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது.

மூன்றாவது, முதலீட்டாளர் பணம். செயலிகள் முதல் ஆர்டருக்குக் கொடுக்கும் பெரிய தள்ளுபடி வியாபாரத்தில் வந்த லாபம் அல்ல. வாடிக்கையாளரைப் பிடிக்கச் செய்யும் செலவு. அந்த விலைக்கு இறங்குவது, அடுத்தவர் பணத்தோடு நம் சேமிப்பை மோத விடுவது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

எனவே எதிராளியின் விலை என்று யாராவது சொன்னதும் சதவீதத்தைக் கேட்காதீர்கள், பில்லைக் கேளுங்கள். சிதம்பரம் தெற்கு வீதிக் கடை ஒன்றில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, அந்தக் கடையில இருபது பர்சன்ட் கழிச்சுத் தர்றாங்க. இத்தனை வருசமா உங்கிட்டதான் வாங்குறேன், நீ ஒண்ணும் கழிக்க மாட்டேங்கிற” என்று வருத்தத்தோடு கேட்டார். கடைக்காரர் வாதாடவில்லை. “அந்த அட்டை கையில இருக்காங்கய்யா?” என்று வாங்கிப் பார்த்தார். பிரஷருக்கான கூட்டு மாத்திரை. அங்கே வாங்கியது 10 மாத்திரை அட்டை; அச்சிட்ட விலை 95, கழிவு போக 76. இவர் கொடுப்பது 15 மாத்திரை அட்டை, 108 ரூபாய். ஒரு தாளில் இரண்டையும் எழுதி வகுத்துக் காட்டினார். கழிவு கொடுத்த கடையில் ஒரு மாத்திரை 7.60, கழிவே கொடுக்காத இவர் கடையில் 7.20. டாக்டர் எழுதிய பெயரும் அந்த அட்டையில் இல்லை, வேறு கம்பெனியின் சரக்கு. பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த மாத மருந்தை இவரிடமே வாங்கிப் போனார்.

ஒப்பிடும்போது நான்கைப் பாருங்கள்: அதே கம்பெனியா, அதே மில்லிகிராமா, அட்டையில் எத்தனை மாத்திரை, எத்தனை ரூபாய்க்கு மேல் பில் போட்டால்தான் அந்தக் கழிவு. செயலி என்றால் டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் அங்கே விலை குறைவு என்றால்தான் நம் விலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதல்வர் மருந்தகத்தை இந்தப் போட்டியில் சேர்க்காதீர்கள். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் 1,000 இடங்களில் அவை திறக்கப்பட்டன. வெளிச்சந்தையைவிட 75 சதவீதம் வரை குறைவு என்று அரசு அறிவித்தது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இதே வகைதான். அங்கே விற்பது பெரும்பாலும் மூலப்பெயரில் வரும் மருந்து. நாம் விற்பது கம்பெனிப் பெயரில் வரும் மருந்து. விலை குறைவதற்குக் காரணம் கடைக்காரரின் தியாகம் அல்ல, சரக்கே வேறு. அந்த விலைக்கு நம்மால் இறங்க முடியாது. இறங்க முயலவும் வேண்டாம். மாதம் 2,000 ரூபாய் மருந்துக்குத் திணறும் ஒருவர் வந்தால், “டாக்டரைக் கேட்டு மூலப்பெயரில் எழுதி வாங்குங்க, அங்க கிடைக்கும்” என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். அப்படிச் சொன்ன கடைக்குத்தான் அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருவார்.

எங்கே இறங்கலாம் என்ற பகுதிக்கு வருகிறேன். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, இருதயம் என்று மாதாமாதம் வாங்குகிறவர்கள்தான் விலையை நினைவில் வைத்திருப்பவர்கள். இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் மருந்துக்கு வருகிறவர் விலை ஒப்பிடுவதில்லை. ஆகவே கழிவு மாத வாடிக்கையாளருக்கு மட்டும், அதிலும் 20 சதவீதம் நிற்கும் மருந்துக்கு மட்டும், 10 சதவீதம் என்று வையுங்கள். நம் மாதிரிக் கடையில் மாத வாடிக்கையாளர் வியாபாரம் கால் பங்கு என்றால் 90,000. அதில் பட்டியலில் வராத மருந்து 54,000. அதற்குப் பத்து சதவீதம் 5,400 ரூபாய். எல்லாருக்கும் கொடுத்தால் 36,000 போகிற இடத்தில், தேவைப்படுகிறவருக்கு மட்டும் கொடுத்தால் 5,400தான் போகிறது.

இந்த 5,400 கூடத் தேவையா என்பதற்கும் கணக்கு உண்டு. மாத வாடிக்கையாளர் அத்தனை பேரும் போய்விட்டால் கடை இழப்பது 15,750 ரூபாய் லாபம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே 5,400. ஆகவே கழிவு கொடுக்காவிட்டால் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் போய்விடுவார்கள் என்ற நிலை இருந்தால் கொடுப்பது சரி. பத்துப் பேரில் ஒருவர்தான் போவார் என்றால், அந்த ஒருவருக்காக மற்ற ஒன்பது பேருக்கும் கழிவு கொடுப்பது வீண். அந்த ஒருவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். யார் போகிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மாத வாடிக்கையாளர் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, 30 நாள் மருந்து வாங்கிப் போனவர் 35ஆம் நாளும் வரவில்லை என்றால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உண்மை தெரியும். சிலர் மருத்துவரை மாற்றியிருப்பார்கள். சிலர் மகன் வீட்டுக்குச் சென்னை போயிருப்பார்கள். சிலர் புதுச்சேரி ஜிப்மரில் இலவசமாக வாங்கத் தொடங்கியிருப்பார்கள். எதிர்க்கடைக்குப் போனவர் எத்தனை பேர் என்று பார்த்தால், பலகையைக் கண்டு நாம் பயந்த அளவுக்கு இருக்காது.

அடக்கவிலை முதல் கோடு என்றால், இரண்டாவது கோடு கடைச் செலவு. அடக்கவிலைக்கு மேலே விற்றாலும், 100 ரூபாய் விற்பனைக்கு 9 ரூபாய்க்கு மேல் செலவு ஆகும் கடையில் 5 ரூபாய் லாபத்துக்குத் தொடர்ந்து விற்பது மெல்லக் கரைவதுதான். ஒரு சில மருந்துக்கு அப்படி விற்கலாம். கடை முழுவதும் அப்படி ஆகக் கூடாது. உங்கள் கடைச் செலவைப் போன மாத விற்பனையால் வகுத்து, அந்த எண்ணைக் கல்லாவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது கோடு எல்லாவற்றையும்விடப் பெரியது. கழிவு கொடுக்கும் பணத்தை எங்கிருந்து எடுக்கிறோம்? லாபத்திலிருந்து எடுத்தால் அது வியாபாரம். மருந்தின் தரத்திலிருந்து எடுத்தால் அது குற்றம். பார்மசிஸ்டை நிறுத்திவிட்டு அவருடைய சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டுவது, பில் இல்லாத சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்குவது, இரவில் ஃபிரிட்ஜை அணைத்துக் கரண்ட் மிச்சம் பிடிப்பது, இவையெல்லாம் விலைப்போட்டி முற்றும்போதுதான் தொடங்குகின்றன. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதை மீறியதா என்று பாட்டிலைப் பார்த்து வாங்குகிறவரால் கண்டுபிடிக்க முடியாது, சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியும். மருத்துவர் எழுதிய கம்பெனிக்குப் பதில் நமக்கு அதிகம் நிற்கும் கம்பெனியைத் தள்ளிவிடுவதை மருந்து விதிகளின் 65ஆவது விதி தடுக்கிறது. எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து மூன்று ஆண்டு காக்கச் சொல்வதும் அதே விதிதான். எதிர்க்கடை விலைக்கு இறங்க இவற்றில் ஒன்றையாவது விட வேண்டியிருந்தால், அந்த விலைக்கு இறங்கக் கூடாது. அந்த வாடிக்கையாளர் போகட்டும்.

கடைசியாக, சங்கக் கூட்டங்களில் எழும் ஒரு யோசனை: ‘நாம் எல்லாரும் சேர்ந்து இத்தனை சதவீதத்துக்கு மேல் கழிப்பதில்லை என்று தீர்மானம் போட்டுவிடலாம்.’ தயவுசெய்து போடாதீர்கள். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் மூன்றாவது பிரிவில் தடை செய்கிறது. 2013 பிப்ரவரியில் அகில இந்திய மருந்து வணிகர் அமைப்புக்கே போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. புது ஸ்டாக்கிஸ்ட் நியமிக்கச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்பதும், லாப விகிதத்தைச் சங்கமே கட்டிவைப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டவை. அவரவர் தம் கணக்கைப் பார்த்து அவரவர் விலையை முடிவு செய்வதே சட்டத்துக்கு உட்பட்ட வழி.

நீதிமன்றத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 17 அன்று, விதிகள் வரும்வரை இணையத்தில் மருந்து விற்கத் தடை விதித்தது. 2019 ஜனவரி தொடக்கத்திலேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. அதற்கு முன்பே, 2018 செப்டம்பர் 28 அன்று கடையடைப்பும் நடந்தது. செயலிகள் இன்றும் விற்கின்றன. இணைய விற்பனைக்கு முறையான விதி வேண்டும் என்று சங்கம் கேட்பது நியாயம். தொடர்ந்து கேட்க வேண்டும். அந்த விதி வரும்வரை நம்மைக் காப்பது நம் கல்லாக் கணக்கு.

ஆகவே இந்த மாதம் மூன்று வேலை செய்யுங்கள். அதிகம் விற்கும் 50 மருந்துகளின் அடக்கவிலையை எழுதி, எது 13.8 வகை, எது 20 வகை என்று பிரியுங்கள். மாத வாடிக்கையாளர் நோட்டைத் தொடங்குங்கள். கடைச் செலவின் சதவீதத்தைக் கண்டுபிடியுங்கள். இந்த மூன்றும் கையில் இல்லாமல் யாரும் தள்ளுபடிப் பலகை மாட்ட வேண்டாம். மாட்டியவர்கள் இந்த வாரமே கணக்குப் போட்டுப் பார்த்து, தேவையென்றால் கழற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நம் ஊர் மக்களுக்கு நேர்மையான கணக்கு புரியும்.

அன்புடன்,
உங்கள் கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்